சலூன் விளம்பரப் படத்தில் முகம் ஏன் கோணலாகிறது? தீர்வு எதிரே இருக்கும் கண்ணாடியிலேயே இருக்கிறது

பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலோ, கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு நடந்து பாருங்கள். முடிதிருத்தும் கடைகளின் வாசலில் புதுப் புது பந்திங் தொங்கும். பலவற்றில் படம் ஒரே மாதிரிதான் இருக்கும்: நாற்காலியில் வாடிக்கையாளர், பின்னால் முடி வெட்டுபவர், எதிரே பெரிய கண்ணாடி, மஞ்சள் வெளிச்சம்.

கொஞ்சம் நின்று உற்றுப் பார்த்தால்தான் கோளாறு தெரியும். ஓரத்தில் நிற்பவரின் தலை முட்டை மாதிரி நீண்டிருக்கும். முன்னால் இருப்பவரின் மூக்கு பெரிதாகி, காதுகள் பின்னால் ஒளிந்திருக்கும். கண்ணாடிக்குள் கைப்பேசியோடு ஒருவர் நிற்பார். அவர்தான் படம் எடுத்தவர்.

இதே தவறை நாங்களும் செய்திருக்கிறோம். ஒரு செய்தித் தொகுப்புக்காக முடிதிருத்தும் கடை ஒன்றில் படம் எடுத்துவிட்டு, கடைக்கார அண்ணனிடம் காட்டினோம். "தம்பி, என் மூஞ்சி ஏன் இப்படி இழுத்துக்கிச்சு? இதைப் பார்த்தா யாரு என்கிட்ட தலையைக் கொடுப்பா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. முகத்தை அழகாக்குவதுதான் அவர் தொழில். அவர் விளம்பரத்திலேயே முகம் கோணலாக இருந்தால், கடையைப் பற்றி அது சொல்லும் சேதி வேறு.

கேமரா மலிவு என்பதால் வரும் கோளாறு அல்ல இது. கேமரா எங்கே நிற்கிறது என்பதில் இருக்கிறது விஷயம்.

முகம் ஏன் கோணலாகிறது?

இரண்டு தனித்தனிக் காரணங்கள் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலருக்கு இது சரியாக வருவதில்லை.

முதல் காரணம், தூரம். நம் மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே முன்பின்னாக ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் இருக்கும். கேமரா மூக்கிலிருந்து 40 சென்டிமீட்டரில் இருந்தால், காது 52 சென்டிமீட்டரில் இருக்கிறது. பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும் என்பதால், காதோடு ஒப்பிட்டால் மூக்குப் பகுதி 30 விழுக்காடு ஊதித் தெரிகிறது. கேமரா மூன்று மீட்டர் தள்ளிப் போய்விட்டால் அந்த வித்தியாசம் 4 விழுக்காடுதான். கண்ணுக்கே தெரியாது.

செல்ஃபியில் மூக்கு பெரிதாகத் தெரிகிறது என்று அறுவை சிகிச்சை கேட்டு வருபவர்களைப் பார்த்து, அமெரிக்காவில் மருத்துவர்கள் சிலர் இதையே கணக்கிட்டு 2018-இல் வெளியிட்டார்கள். ஓர் அடி தூரத்தில் எடுத்த படத்தில், ஐந்து அடியில் எடுத்ததைவிட மூக்கு சுமார் 30 விழுக்காடு அகலமாகத் தெரியும் என்பது அவர்கள் கண்டது.

இரண்டாவது காரணம், படத்தின் ஓரம். கைப்பேசியில் `0.5x` என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அந்த அகல லென்ஸ் ரொம்பப் பரந்த காட்சியை ஒரு தட்டையான சதுரத்துக்குள் அடக்குகிறது. சுவரும் அலமாரியும் நேர்கோடாகவே தெரிய வேண்டும் என்பதற்காக, ஓரத்தில் இருப்பதை எல்லாம் வெளிப்பக்கமாக இழுத்துவிடுகிறது. `0.5x` படத்தின் பக்கவாட்டு ஓரத்தில் ஓர் உருண்டைப் பந்து இருந்தால், அது உயரத்தைவிட ஏறக்குறைய 1.7 மடங்கு அகலமாகத் தெரியும். சாதாரண `1x` லென்ஸில் அது 1.2 மடங்கு. `2x`-இல் 1.06 மடங்கு மட்டும். பந்துக்கு நடப்பதுதான் தலைக்கும் நடக்கும். சில கைப்பேசிகள் முகத்தை அடையாளம் கண்டு இதை ஓரளவு திருத்தும். ஆனால் கண்ணாடிக்குள் இருக்கும் முகத்தை அவை எப்போதும் சரியாகக் கண்டுபிடிப்பதில்லை.

அப்படியானால் `2x` போட்டு எடுத்தால் போதுமே? எடுக்கலாம். ஆனால் `2x` வைத்தால் பின்னால் நகர வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் சாதாரணக் கடைவீட்டின் அகலம் 20 அடி, அதாவது 6 மீட்டர் சொச்சம். இரண்டு பக்கமும் நாற்காலி, அலமாரி. பின்னால் நகர இடம் எங்கே? அதனால்தான் எல்லாரும் `0.5x`-ஐ அழுத்துகிறார்கள். கடை முழுக்கப் படத்துக்குள் வந்துவிடுகிறது, முகங்கள் கெட்டுப்போகின்றன.

கண்ணாடி எப்படி உதவுகிறது?

பள்ளியில் படித்த ஒரு விதியை இங்கே ஞாபகப்படுத்திக்கொள்வோம். சமதளக் கண்ணாடியில் பிம்பம் கண்ணாடியின் மேற்பரப்பில் இல்லை. நாம் எவ்வளவு தூரம் முன்னால் இருக்கிறோமோ, அவ்வளவு தூரம் அது பின்னால் இருக்கிறது. கேமராவுக்கும் அப்படித்தான். கண்ணாடிக்குள் தெரியும் முகம், உண்மையிலேயே சுவருக்குப் பின்னால் இருக்கும் முகம் போல அதற்குப் படுகிறது.

அதாவது குறுகலான கடையில் இல்லாத தூரத்தைக் கண்ணாடி கடனாகக் கொடுக்கிறது. நாற்காலியில் இருப்பவரை முன்பக்கமிருந்து எடுக்க, அவருக்கும் கண்ணாடிக்கும் இடையே நுழைந்தால் கிடைப்பது முக்கால் மீட்டர்கூட இல்லை. அவருக்குப் பின்னால் நின்று கண்ணாடி வழியாக அதே முகத்தை எடுத்தால், மூன்று மீட்டர் தூரத்தில் நின்று எடுத்த படம் கிடைக்கிறது. ஆக, இந்த வகை விளம்பரத்தில் பார்ப்பவர் கவனிக்க வேண்டிய முகம் கண்ணாடிக்குள் இருக்கும் முகம்தான். முன்னால் தெரியும் பின்னந்தலை, புது வெட்டைக் காட்டுவதற்கு.

சரி, எங்கே நிற்பது?

ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். கண்ணாடியின் அகலம் 90 சென்டிமீட்டர். அதன் நடுவுக்கு நேராக நாற்காலி. உட்கார்ந்திருப்பவரின் தலை கண்ணாடியிலிருந்து 75 சென்டிமீட்டரில். டேப் எடுத்துத் தரையில் அளந்துவிடுங்கள்.

தலைக்கு நேர் கீழே இருந்து பின்பக்கமாக ஒன்றரை மீட்டர் வாருங்கள். அங்கிருந்து வலப்பக்கம் ஒரு மீட்டர் நகருங்கள். அங்கே ஒரு ஒட்டுநாடா அடையாளம். கேமரா அங்கேதான்.

இந்த இடத்திலிருந்து பின்னந்தலை 1.8 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. கண்ணாடிக்குள் இருக்கும் முகமோ ஏறக்குறைய 3.2 மீட்டரில். பக்கவாட்டில் நிற்பதால் தலை அதன் பிம்பத்தை மறைக்காது. இரண்டும் தனித்தனியாக, பக்கத்தில் பக்கத்தில் விழும். பிம்பம் கண்ணாடியில் விழும் இடம், நடுவிலிருந்து 25 சென்டிமீட்டர் வலப்பக்கம். கண்ணாடியின் ஓரம் 45 சென்டிமீட்டரில் இருப்பதால் முகம் முழுசாக உள்ளே அடங்கும். கைப்பேசியைப் படுக்கைவாட்டில் பிடித்து `2x` வைத்தால், இரண்டு தலையும் சட்டத்தின் நடுப்பகுதிக்குள் வந்துவிடும். ஓர இழுப்பு என்ற பேச்சே இல்லை.

கேமராவின் உயரம் உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்தில் இருக்கட்டும். சுமார் 1.2 மீட்டர். கைப்பேசியை மேலும் கீழும் சாய்க்காதீர்கள். சாய்த்தால் கண்ணாடிச் சட்டம் மேலே குறுகி, கடையே சரிந்து விழுவது போலத் தெரியும்.

முடி வெட்டுபவர் கேமரா இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், அதாவது வாடிக்கையாளரின் இடக்கைப் பக்கம் நிற்க வேண்டும். வலப்பக்கம் நின்றால் கேமராவுக்கும் கண்ணாடிக்கும் இடையிலான பாதையை அவர் உடம்பு மறைத்துவிடும்.

அடுத்து ஃபோகஸ். திரையில் பின்னந்தலையைத் தட்டாதீர்கள், கண்ணாடிக்குள் இருக்கும் கண்ணைத் தட்டுங்கள். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரேட் வசதியை அணைத்துவிடுங்கள். கண்ணாடி எது, அதற்குள் இருக்கும் ஆழம் எது என்று அந்த மென்பொருள் குழம்பி, பிம்பத்தின் காதையோ பாதித் தலையையோ அழித்துவிடும்.

படம் எடுப்பவர் எப்படி மறைவது?

இதற்கு ஒரு எளிய விதி இருக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து கண்ணாடிச் சுவரை நோக்கி நேராக, செங்குத்தாக ஒரு கோடு போடுங்கள். உங்கள் பிம்பம் எப்போதும் அந்தக் கோட்டில்தான் இருக்கும். அந்தக் கோடு படச் சட்டத்துக்குள் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மேலே சொன்ன இடத்தில் கேமரா சாய்வாகப் பார்க்கிறது. அதனால் அந்தக் கோடு சட்டத்தின் வலது ஓரத்துக்கு வெளியே போய்விடுகிறது. பக்கத்து நாற்காலிக் கண்ணாடியில் நீங்கள் தெரிந்தாலும், படத்தில் அந்தக் கண்ணாடி இல்லை.

எதிரெதிர்ச் சுவரில் கண்ணாடி உள்ள கடைகளில் நூறு பிம்பம் தெரியுமே, அப்போது? அங்கேயும் இதே விதிதான். இரண்டு கண்ணாடியும் இணையாக இருந்தால், உங்கள் எல்லாப் பிம்பங்களும் அதே ஒரே கோட்டில் வரிசையாக நிற்கும். முதலாவது மறைந்தால் மற்றவையும் மறைந்துவிடும். சுவர் கொஞ்சம் கோணலாக இருந்தால் மட்டும் தூரத்துப் பிம்பம் ஒன்றிரண்டு எட்டிப் பார்க்கும். எதிர்க் கண்ணாடியில் ஒரு கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டால் தீர்ந்தது.

சரிபார்க்க ஒரு வழி: வாடிக்கையாளரிடம், "அண்ணே, கண்ணாடியில என் கேமரா தெரியுதா?" என்று கேளுங்கள். அவர் கண்ணுக்கு லென்ஸ் தெரிந்தால், லென்ஸுக்கும் அவர் கண் தெரிகிறது.

பக்கவாட்டில் நின்றால் பிம்பம் தள்ளி விழும் என்பது ஓவிய உலகில் பெரிய சண்டையையே கிளப்பியிருக்கிறது. பிரெஞ்சு ஓவியர் எதுவார் மானே 1882-இல் வரைந்த, பாரிஸ் கேளிக்கை அரங்கம் ஒன்றின் மதுக்கூடப் பெண் ஓவியம் இப்போது லண்டன் கோர்ட்டால்ட் காட்சிக்கூடத்தில் இருக்கிறது. பெண் நேராக நிற்கிறாள், பின்னால் கண்ணாடியில் அவள் பிம்பம் மட்டும் வலப்பக்கம் ஒதுங்கித் தெரிகிறது. மானேவுக்குக் கண்ணாடி வரையத் தெரியவில்லை என்று விமர்சகர்கள் சொன்னார்கள். 2000-ஆம் ஆண்டில் அந்தக் காட்சியை மறுபடி அமைத்துப் படம் எடுத்துப் பார்த்தபோது, நடுவில் இல்லாமல் பக்கவாட்டில் நின்று பார்த்தால் பிம்பம் அப்படியே விழுவது தெரிந்தது.

வெதுவெதுப்பான வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

நம் ஊர்க் கடைகள் பலவற்றில் மூன்று வகை வெளிச்சம் ஒரே நேரத்தில் எரியும். கூரையில் நீலம் கலந்த வெள்ளை டியூப், அது 6500 கெல்வின். கண்ணாடியைச் சுற்றி மஞ்சள் பல்பு, அது 3000 கெல்வின். வாசல் வழியாக வரும் பகல் வெளிச்சம் மூன்றாவது. நம் கண் இதைச் சமாளித்துக்கொள்ளும். கேமரா சமாளிக்காது. ஒரு கன்னம் ஆரஞ்சு, மறு கன்னம் நீலம் என்று வரும். மாநிறமோ கறுப்போ உள்ள தோலில் அந்த நீலம் சாம்பல் பூத்தது போலத் தெரியும், ஆள் நோயாளி மாதிரி இருப்பார்.

அதனால் ஒரே வகையை வைத்துக்கொள்ளுங்கள். டியூப்பை அணைத்து, வாசல் திரையை இழுத்துவிட்டு, மஞ்சள் பல்புகளை மட்டும் எரியவிடுங்கள். மாலை ஏழரைக்கு மேல் இருட்டிய பிறகு எடுத்தால் வாசல் வெளிச்சமும் தொல்லை தராது.

ஆனால் கைப்பேசி இங்கே ஒரு வேலை செய்யும். எல்லாம் மஞ்சளாக இருக்கிறதே என்று அதுவாகவே திருத்தி, வெளிச்சத்தை வெள்ளையாக்கிவிடும். கைமுறை வசதி உள்ள கைப்பேசியில் `WB` என்ற இடத்தில் 3800 அல்லது 4000 என்று வைத்துப் பூட்டுங்கள். விளக்கின் அளவைவிட எண் கொஞ்சம் கூட இருந்தால், அந்த மஞ்சளில் கொஞ்சம் படத்தில் தங்கும். எவ்வளவு போதும் என்பதற்குக் கடையில் இருக்கும் வெள்ளைத் துண்டே சாட்சி. துண்டு பாலாடை நிறத்தில் தெரிந்தால் சரி, ஆரஞ்சாகத் தெரிந்தால் எண்ணைக் குறையுங்கள்.

வாடிக்கையாளருக்கு வெள்ளைப் போர்வையைப் போடாமல் கறுப்புப் போர்வையைப் போடுங்கள். பெரிய வெள்ளைப் பரப்பு இருந்தால் கேமரா மொத்தப் படத்தையும் இருட்டாக்கும், முகம் கறுத்துப்போகும். கறுத்துப்போன முகத்தைப் பிறகு செயலியில் வெளுப்பாக்கப் போய்த்தான் அடுத்த கோணல் தொடங்குகிறது. பல "பியூட்டி" வடிகட்டிகள் தோலை வெளுப்பாக்குவதோடு தாடையையும் மூக்கையும் சேர்த்து ஒடுக்கிவிடும். அதை முதலிலேயே அணைத்துவிடுவது நல்லது.

படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை பட்டையாக வந்தால் பயப்பட வேண்டாம். மலேசியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சில எல்.இ.டி. விளக்குகள் வினாடிக்கு 100 முறை மினுக்குகின்றன. ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் பட்டை போய்விடும்.

கண்ணாடியே கோணலாக இருந்தால்?

அதுவும் நடக்கும். மெல்லிய கண்ணாடியைப் பசை போட்டுச் சமமில்லாத சுவரில் ஒட்டியிருந்தால், கண்ணாடியே லேசாக வளைந்திருக்கும். முடி வெட்டும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள், படத்தில் தாடை ஒரு பக்கம் இழுத்துத் தெரியும். கண்டுபிடிக்கக் கூரை டியூப்பின் பிம்பத்தைப் பாருங்கள். தலையை மெதுவாக அசைத்தால், நல்ல கண்ணாடியில் டியூப் நேர்கோடாகவே நகரும். கெட்ட கண்ணாடியில் அது பாம்பு மாதிரி நெளியும். நெளியாத நாற்காலியைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்று, கண்ணாடிக்குள் இடமும் வலமும் மாறும். வலது வகிடு இடது வகிடாகத் தெரியும். வாடிக்கையாளர் பந்திங்கைக் காட்டி "இதே மாதிரி வெட்டுங்க" என்று கேட்டால் குழப்பம் வரலாம். முழுப் படத்தையும் திருப்பிப் போட்டால் நேராகத் தெரியும் எழுத்துகள் தலைகீழாகிவிடும். அதைவிட, வகிடு இல்லாத வெட்டை விளம்பரத்துக்குத் தேர்ந்தெடுப்பது சுலபம்.

அச்சுக்கடையில் என்ன கெடும்?

இவ்வளவு பார்த்துப் பார்த்து எடுத்த படம் கடைசியில் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். பந்திங் 2 அடி அகலம், 5 அடி உயரம். நாம் எடுத்ததோ படுக்கைவாட்டுப் படம். பொருந்தவில்லை என்று வடிவமைப்பவர் மேலும் கீழும் பிடித்து இழுத்தால், முகம் மறுபடி முட்டையாகிவிடும். "இழுக்காதீங்க, வெட்டிப் பொருத்துங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மேலே கடைப் பெயர், கீழே விலைப்பட்டியல், நடுவில் படம் என்று பிரித்தால் இழுக்கத் தேவையே இல்லை.

படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். கைப்பேசியில் 4000 புள்ளி அகலம் இருந்த படம், போய்ச் சேரும்போது 1600 அளவுக்கு வந்துவிடலாம். சின்னத் திரையில் தெரியாது. அச்சில் முகம் கட்டம் கட்டமாக உடையும். படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்புங்கள். அச்சடித்த முதல் தாளை வாங்கி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். வாசலில் நடப்பவர் பார்க்கும் தூரம் அதுதான்.

கண்ணாடிக்குள் வேறு யார் இருக்கிறார்கள்?

கண்ணாடி கடை முழுவதையும் காட்டும். பின் பெஞ்சில் பாதி ஷேவிங்கோடு காத்திருப்பவர், அப்பாவோடு வந்த சின்னப் பையன், எல்லாரும் அதில் இருப்பார்கள். அவர்கள் முகத்தை வைத்துத்தான் கடைக்கு விளம்பரம் செய்கிறீர்கள். முகம் அடையாளம் தெரியும் எல்லாரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் என்றால் பெற்றோரிடம். கூட்டம் இல்லாத நேரத்தில் எடுத்தால் இந்த வேலையும் மிச்சம்.

எங்களிடம் கேள்வி கேட்ட அந்த அண்ணனிடம் மறுபடி போனோம். வியாபாரம் இல்லாத நேரம் பார்த்து, தரையில் டேப் ஒட்டி, டியூப்பை அணைத்து, பக்கவாட்டில் நின்று எடுத்தோம். படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடிக்குள் இருந்த தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது நான்தான்" என்றார்.